பதில் வரும் முன்னே இன்னொரு மெசேஜ்

வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. கோவையில் ஒரு நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இரண்டு மாதம் முன்பு பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம், ஆவணியில் நிச்சயதார்த்தம். அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6.40-க்கு 'சாப்பிட்டீங்களா?' என்று போட்டேன். இரண்டு டிக் விழுந்தது, பதில் இல்லை. 8.15-க்கு 'பிஸியா?' என்று போட்டேன். 9.30-க்கு வெறும் '??'. பத்து மணிக்கு 'என் மேல ஏதாவது கோபமா?' என்று போட்டுவிட்டு, அசிங்கமாகத் தோன்றி உடனே அழித்துவிட்டேன். 11.20-க்கு அவர், 'இப்பதான் ரூமுக்கு வந்தேன், என்ன டெலீட் பண்ணீங்க?' என்று கேட்டார். 'ஒண்ணுமில்லை' என்றேன். என் தோழி, 'அவர் பதில் போடாம நீ ரெண்டாவது மெசேஜ் போடவே கூடாது, அலையுற மாதிரி தெரியும்' என்கிறாள். அதிலிருந்து அவர் முதலில் பேசட்டும் என்றே காத்திருக்கிறேன். மொட்டைமாடியில் நான் வைத்த மல்லி முதல் முறையாகப் பூத்திருக்கிறது. அந்தப் போட்டோவை அனுப்பக்கூட பயமாக இருக்கிறது. இரண்டாவது மெசேஜ் போடுவது தப்பா மேடம்?

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லை. உங்கள் தோழி எத்தனை மெசேஜ் என்று எண்ணுகிறார். எனக்கு அந்த எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. அடுத்து போகும் மெசேஜ் புதிதாக ஒரு விஷயத்தைக் கொண்டுபோகிறதா, முந்தைய மெசேஜுக்கு ஏன் பதில் இல்லை என்று விசாரிக்கிறதா என்றுதான் பார்ப்பேன். முதல் வகையில் வரிசையாக மூன்று போட்டாலும் யாருக்கும் உறுத்தாது. இரண்டாவது வகையில் ஒன்று போட்டாலே கொஞ்சம் கனக்கும்.

அன்று அவர் பக்கம் என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 11.20-க்கு அறைக்கு வந்தார் என்றால் அது மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஓடும் இரண்டாவது ஷிப்டாகத்தான் இருக்க வேண்டும். பல தொழிற்சாலைகளில் வேலை நடக்கும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். உடை மாற்றும்போதே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். பூட்டிய லாக்கருக்குள் கிடந்தாலும் இணையம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் போன் உங்கள் மெசேஜை வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு இரண்டு சாம்பல் டிக் விழும். அதற்கு அர்த்தம், மெசேஜ் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான். மனிதருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரியாது.

நீல டிக்கையும் முழுதாக நம்ப முடியாது. 2014 நவம்பரில் அது வந்தது, வேண்டாதவர்கள் அணைத்து வைத்துக்கொள்ளும் வசதியும் சீக்கிரமே வந்துவிட்டது. அணைத்து வைத்திருப்பவர் படித்தாலும் உங்களுக்கு நீலம் விழாது. அணைக்காதவரும் மேலே வந்து போகும் அறிவிப்பிலேயே படித்துவிட்டு, உள்ளே போகாமல் விடலாம். ஒருவர் ஆன்லைனில் இருப்பதாகக் காட்டினால் வாட்ஸ்அப்பைத் திறந்திருக்கிறார் என்று மட்டும் தெரியும். சூப்பர்வைசருக்குப் பதில் போடுகிறாரா, அம்மாவிடம் பேசுகிறாரா என்று அது சொல்லாது. இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம், என்னிடம் வருபவர்களில் பலர் டிக்கையும் ஆன்லைனையும் வைத்தே ஒரு முழுக் கதையைக் கட்டி, அந்தக் கதைக்குத்தான் இரண்டாவது மெசேஜ் அனுப்புகிறார்கள்.

இப்போது உங்கள் நான்கு மெசேஜ்களையும் எடுத்துக்கொள்வோம்.

'சாப்பிட்டீங்களா?' நம் ஊரில் இது கேள்வியே இல்லை. 'உங்களை நினைத்துக்கொண்டேன்' என்பதை நாம் இப்படித்தான் சொல்கிறோம். அன்பான மெசேஜ்தான். ஆனால் நேரம் கடந்து பதில் சொல்ல முடியாத மெசேஜ். ரசம் மாதிரி, சூடாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்த்தால் 'சாப்பிட்டேன், நீங்க?' என்று ஒரு வரி போடலாம். இரவு பதினொன்றரைக்குப் பார்ப்பவர் அதற்கு என்ன சொல்வார்? எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் கெடாத மெசேஜ்கள் வேறு உண்டு. 'இன்னைக்கு மில்லுல ஆடிட்டர் வந்திருந்தார், ஒரு கூத்து நடந்துச்சு, நேரம் கிடைக்கும்போது சொல்றேன்' என்பது ஊறுகாய் மாதிரி. எப்போது திறந்தாலும் ருசி இருக்கும். அதைப் பார்த்தவருக்கு 'என்ன கூத்து?' என்று கேட்கத் தோன்றும். ஷிப்டில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும்.

'பிஸியா?' இதில் ஒன்றும் குற்றமில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எவரும் போடக்கூடியதுதான். ஆனாலும் இந்த இடத்தில்தான் பேச்சு திசை மாறியது. முதல் மெசேஜ் அவரைப் பற்றியது. இரண்டாவது, அவர் பதில் போடாததைப் பற்றியது. சின்ன வித்தியாசமாகத் தெரியும், இதற்குப் பின்னால் வந்த எல்லாம் இந்த வழியில்தான் போயிருக்கின்றன.

'??' இதில் எழுத்தே இல்லை. எழுத்து இல்லாததால்தான் கனம் கூடுகிறது. படிப்பவர் அதற்கு ஒரு குரல் கொடுத்தாக வேண்டும். நீங்கள் அனுப்பும்போது உங்கள் மனதில் அது கெஞ்சலாகவோ செல்லமாகவோ ஒலித்திருக்கும். அவர் காதில் அதட்டலாக விழுந்திருக்கலாம். 2005-இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் மின்னஞ்சலை வைத்துச் செய்த ஆய்வில் இதைத்தான் கண்டார்கள். கேலியாக எழுதியது கேலியாகவே போய்ச் சேரும் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்கு, படித்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. எழுதுபவருக்குத் தன் குரல் தனக்குள் கேட்கிறது, படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துவிடுகிறார். முழு வாக்கியத்துக்கே இந்தக் கதி என்றால் இரண்டு கேள்விக்குறிக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதமாக மட்டுமே பழகும் ஒருவருக்கு உங்கள் குரல் இன்னும் முழுதாகப் பழகியிருக்காது.

'என் மேல ஏதாவது கோபமா?' நான்கில் கனமானது இதுதான், அழித்துவிட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றியது சரியான உள்ளுணர்வு. இதில் உங்கள் பயத்தை அவர் கையில் கொடுத்து, இறக்கி வையுங்கள் என்று கேட்கிறீர்கள். அதற்கு அவரால் ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும்: 'இல்லையே'. அந்தப் பதில் வந்ததும் பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கும். அடுத்த முறை பதில் தாமதமானால் இதே பயம் திரும்ப வரும், இதே கேள்வி திரும்பப் போகும். மூன்றாவது, நான்காவது தடவை கேட்கும்போது, இல்லாத கோபம் உண்மையிலேயே வந்துவிடும். கல்யாணமாகிச் சில வருடம் ஆனவர்களிடம் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கணவர் என்னிடம் சொன்னார்: 'மேடம், மீட்டிங் முடிஞ்சு போனை எடுக்கும்போதே, வீட்டுப்பாடம் எழுதாத பையன் வகுப்புக்குள்ள நுழையிற மாதிரி இருக்கு.' அவர் மனைவி தினமும் அனுப்பியது ஐந்தாறு மெசேஜ்தான். எல்லாமே 'எங்க இருக்கீங்க', 'பார்த்தீங்களா', 'ஏன் பேசல' என்ற ரகம். அதே ஐந்தாறும் வீட்டில் நடந்த விஷயங்களாக இருந்திருந்தால் அவர் ஆவலோடு போனைத் திறந்திருப்பார்.

இது உங்கள் குணக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், அம்மாவைப் பிரிந்த சின்னக் குழந்தைகள் என்ன செய்கின்றன என்று கவனித்து எழுதினார். பாசம் வைத்தவர் கண்ணில் படாதபோது குழந்தை முதலில் செய்வது அழுது கூப்பிடுவது. அவர் அதற்கு எதிர்ப்பு என்று பெயர் வைத்தார். பெரியவர்களின் காதலிலும் இதே பிணைப்பு வேலை செய்கிறது என்று 1987-இல் சிண்டி ஹாசனும் பிலிப் ஷேவரும் எழுதினார்கள். உங்கள் 9.30 மணி '??' அந்தக் கூப்பிடுதல்தான். பாசம் வைக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதால்தான் அது வந்தது. பாசத்தைக் காட்ட வேறு வழி இருக்கும்போது கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறள வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இனி அழித்த விஷயம். நீங்கள் அழித்தாலும் அவர் திரையில் 'This message was deleted' என்று ஒரு வரி நிற்கும். என்ன எழுதியிருப்பீர்கள் என்று அவர் கற்பனை செய்வார், அந்தக் கற்பனை பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிட மோசமாக இருக்கும். எழுத்துப் பிழை, தப்பான நேரம், தப்பான தேதி என்றால் அழிக்கத் தேவையே இல்லை. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் அதே மெசேஜைத் திருத்திக்கொள்ளலாம். 15 நிமிடம் தாண்டிவிட்டால் 'மன்னிக்கணும், 7-ஆம் தேதி இல்ல, 17' என்று இன்னொரு மெசேஜ் போடுங்கள். அதை யாரும் அலைவதாக நினைக்க மாட்டார்கள். ஒரே விஷயத்தை நான்கு வரியாக உடைத்து உடைத்து அனுப்பும் பழக்கமும் அப்படித்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறோம், அதற்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை.

அன்று இரவு பத்தேகாலுக்கு அவர் லாக்கரைத் திறப்பதை ஒரு நிமிடம் மனதில் கொண்டுவாருங்கள். சட்டை மாற்றிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்து போனை எடுக்கிறார். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 4. உள்ளே: சாப்பிட்டீங்களா, பிஸியா, ??, அழிக்கப்பட்ட ஒன்று. காலையிலிருந்து உங்கள் நாள் எப்படிப் போனது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமா என்ற எண்ணம்தான் அவருக்கு முதலில் வரும். அதனால்தான் பஸ்ஸில் இருந்தபடியே பதில் போடாமல், அறைக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருக்கவும் கூடும்.

இப்போது அதே பஸ், அதே இருக்கை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதே 4. உள்ளே, 6.40-க்கு: 'சாப்பிட்டீங்களா?' 8.15-க்கு ஒரு போட்டோ, கீழே: 'அம்மா கத்தரிக்காய் தொக்கு பண்ணாங்க, கையெல்லாம் எண்ணெய்.' 9.30-க்கு: 'நிச்சயத்துக்கு எந்தக் கலர் சட்டை எடுக்கப்போறீங்கன்னு அம்மா கேட்கிறாங்க. அவசரமில்ல, ஷிப்ட் முடிஞ்சு சொல்லுங்க.' பத்து மணிக்கு: 'தூங்கப்போறேன். நாளைக்குப் பேசலாம்.' எண்ணிக்கை ஒன்றுதான், ஒரு பதிலும் வராமலேயே நான்கு போயிருக்கிறது. இதைப் பார்த்து எந்த மனிதரும் 'இந்தப் பெண் அலைகிறாள்' என்று நினைக்கமாட்டார். அவரை விசாரிக்கும் வரி ஒன்றுகூட இதில் இல்லை, எதற்குப் பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு இடமும் இருக்கிறது.

அந்த 'அவசரமில்ல' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். லாரா ஜர்ஜ், வனெஸா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-இல் வேலை சம்பந்தமான மின்னஞ்சல்களை வைத்துப் பார்த்தார்கள். பெறுபவர், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். அவசரமில்லை என்று ஒரு வரி சேர்த்தாலே அந்த அழுத்தம் குறைகிறது. அது அலுவலகத்துக்காகச் செய்த ஆய்வு என்றாலும், ஷிப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் போனைப் பார்க்கும் ஒருவருக்கு அப்படியே பொருந்தும் என்பது என் அனுபவம். ஆனால் உண்மையிலேயே அவசரமில்லாதபோது மட்டும் அதைப் போடுங்கள். 'அவசரமில்ல' என்று போட்டுவிட்டு அரை மணியில் 'என்னாச்சு?' என்று கேட்டால் அடுத்த முறை அந்தச் சொல்லை அவர் நம்பமாட்டார். அவசரம் என்றால் மெசேஜே வேண்டாம், போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் எதற்காக அழைத்தீர்கள் என்று ஒரு வரி. மிஸ்டு கால் மட்டும் விழுந்து கிடந்தால் பார்ப்பவர் பதறிப்போவார்.

தோழி சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. செயலி வழியாக அறிமுகமாகி, யார் என்ன என்றே தெரியாத ஒருவரிடம் பேசும்போது அந்த விதி ஓரளவு உதவும். பதில் போடாதவரைத் துரத்தாமல் இருப்பது அங்கே நல்லது. உங்கள் நிலை வேறு. இரண்டு குடும்பம் உட்கார்ந்து பேசி, மாதம் குறித்தாகிவிட்டது. மெசேஜ் எண்ணிக்கையைப் பார்த்து அவர் முடிவெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. 'அலையுற' என்ற சொல்லும் எனக்கு வலிக்கிறது. பையன் ஐந்து மெசேஜ் போட்டால் 'பாசமா இருக்கான்' என்கிறோம், பெண் போட்டால் இந்தச் சொல் வருகிறது. ஆசையாக இருப்பதை மறைத்து, அவர் பேசினால்தான் நானும் பேசுவேன் என்று நீங்கள் ஒதுங்கி நின்றால், அவருக்கு அது கௌரவமாகத் தெரியாது. விருப்பமில்லையோ என்றுதான் தோன்றும். ஆவணிக்குள் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள இருக்கும் நாட்களே கொஞ்சம்.

ஆனால் அவர் பக்கமும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷிப்ட் என்பது எல்லா மௌனத்துக்கும் காரணம் ஆகிவிடாது. வார விடுமுறை நாளிலும் பதில் இல்லை; நிச்சயதார்த்தம் சம்பந்தமாக நேராகக் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகியும் பதில் இல்லை; அந்த இரண்டு நாளில் ஸ்டேட்டஸ் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது; இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று முறை நடக்கிறது என்றால் அங்கே மூன்றாவது மெசேஜ் போடாதீர்கள். எழுத்தில் வேண்டாம், குரலில் கேளுங்கள்: 'ரெண்டு மூணு தடவையா நான் கேட்டதுக்குப் பதில் வரல. உங்களுக்கு இதுல ஏதாவது தயக்கம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.' நிச்சயத்துக்கு முன்னால் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்து, இரவு 11.20-க்கு, நீங்கள் அழித்தது என்ன என்று அவரே விசாரித்திருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு நீங்கள் சொன்ன 'ஒண்ணுமில்லை' மட்டும் இன்னும் நடுவில் கிடக்கிறது. அதை எடுத்துவிடலாம். அவருக்கு ஓய்வுள்ள ஒரு நாளில் போனில் பேசும்போது, வேறு பேச்சு நடுவில் சாதாரணமாகச் சொல்லுங்கள்: 'அன்னைக்கு டெலீட் பண்ணது, என் மேல கோபமான்னு கேட்டிருந்தேன். நீங்க ஷிப்ட்ல இருந்தது எனக்குத் தோணவே இல்ல. பயந்துட்டேன்.' இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதோடு சேர்த்து அவருடைய ஷிப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை மாறும். இந்த வாரம் எது, அடுத்த வாரம் எது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். லாக்கரில் போனை வைக்கும் முன் 'உள்ளே போறேன்' என்று ஒரு வரி போட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த எட்டு மணி நேரத்துக்கு நீங்கள் டிக்கைப் பார்க்கத் தேவையே இருக்காது.

அவர் ஷிப்டில் இருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்தும் கை போனுக்கே போகிறது, கணக்கில் மனம் நிற்கவில்லை, அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள், தோழிகளிடமும் அண்ணனிடமும்கூட இதே மாதிரி நடந்திருக்கிறது என்றால், அதை அவரிடம் மெசேஜ் போட்டுத் தீர்க்க முடியாது. ஒரு ஆலோசகரை நேரில் பார்த்துப் பேசுங்கள். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன்.

மல்லி போட்டோவுக்கு வருவோம். அவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றே அனுப்புங்கள். 'பார்த்தீங்களா?', 'எப்படி இருக்கு?' என்று கீழே எதையும் சேர்க்க வேண்டாம். 'நான் வெச்ச செடி, முதல் பூ' என்று மட்டும் எழுதுங்கள். அனுப்பியதும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நாளைக்கு இரண்டாவது பூ விரிந்தால், முதல் போட்டோவுக்குப் பதில் வந்திருந்தாலும் வராவிட்டாலும், அதையும் அனுப்பலாம்.